பட்டன் ஃபோனுக்கு வந்த 150 எழுத்து

2021 மார்ச் 15ஆம் தேதி பர்மா முழுக்க ராணுவ ஆட்சி மொபைல் டேட்டாவை நிறுத்தியபோது எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஃபோன் பேசலாம், எஸ்எம்எஸ் போகும், ஃபைபர் இருக்கிற வீடுகளில் இணையம் இருந்தது. ரங்கூனில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது போதும். ஆனால் நான் உளுந்துத் தரகன். மார்ச், ஏப்ரல் என்றால் பாதி நாள் பெகு தாண்டி ஞாங்லேபின் பக்கம் களத்துமேட்டில்தான் இருப்பேன். அந்த நாட்களில் வழியில் நிறுத்தி ஃபோனை வாங்கிப் பார்ப்பதும் நடந்ததால், ஸ்மார்ட் ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டு, பட்டன் ஃபோன் ஒன்றை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

18ஆம் தேதி போய் 20ஆம் தேதி மாலை திரும்பினேன். குளித்துவிட்டு மெயிலைத் திறந்தால் கப்பல் ஏஜென்டிடமிருந்து ஒரு மெயில், வந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. சென்னைக்குப் போகிற இரண்டு கண்டெய்னருக்கான பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல்காரர் கொடுக்கிற சரக்குச் சீட்டின் வரைவு. மறுநாள் பகல் 12 மணிக்குள் சரிபார்த்துச் சொல்லவில்லை என்றால் இப்படியே வெளியிடுவோம் என்று எழுதியிருந்தது. அப்படியே வெளியிட்டும் விட்டார்கள். வாங்குகிறவருடைய இறக்குமதி எண்ணில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்து 'ஓ' அடிபட்டிருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சென்னை சுங்கத்தின் கணினிக்கு ஒன்றில்லை. கப்பலின் சரக்குப் பட்டியலான மேனிஃபெஸ்டைத் திருத்தும்வரை சரக்கு நகரவில்லை. திருத்தக் கட்டணம், ஆறு நாள் கண்டெய்னர் வாடகை எல்லாம் சேர்த்து 780 டாலர். என் பெயருக்குத்தான் எழுதினார்கள். இரண்டு மாதத் தரகு அது. காசை விட, சென்னைக்காரர் ஃபோனில் "ஒரு மெயில் பாக்க முடியாதா அண்ணே?" என்று கேட்டதுதான் நெடுநாள் உறுத்தியது.

ஏஜென்டிடம் எஸ்எம்எஸ் போடச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த மெயில் அவர்கள் கணினி தானாக அனுப்புவது, ஆள் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை என்றார்கள். அடுத்து தாம்வேயில் இருக்கிற அண்ணியிடம் சொன்னேன். அவர் வீட்டில் ஃபைபர் உண்டு. என் மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு அவசரமானது வந்தால் கூப்பிடுங்கள் என்றேன். இரண்டு நாள் பொறுமையாகச் செய்தார். முதல் நாள் 14 அழைப்பு. இரண்டாம் நாள் மதியம், "தம்பி, எது அவசரம்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க, எனக்கு எல்லாத்துலயும் 'அர்ஜென்ட்'னுதான் போட்டிருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. எங்கள் தொழிலில் விலைப்பட்டியலைக்கூட 'அர்ஜென்ட்' என்று தலைப்பிட்டுத்தான் அனுப்புவார்கள்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியதை நான் அன்றைக்குத்தான் செய்தேன். ஒரு வாரத்து மெயில் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தேன், 212 இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டே கேள்வி. நான் ஊர் திரும்பும் முன் இதற்குப் பதில் சொல்லாவிட்டால் காசு போகுமா? பட்டன் ஃபோனை வைத்துக்கொண்டு இதற்கு என்னால் ஏதாவது செய்ய முடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்று வந்தவை 9 மெயில்தான். அந்த ஒன்பதும் மூன்றே இடத்திலிருந்து வந்திருந்தன: ஏஜென்டின் ஆவணப் பிரிவு, சென்னைக்காரர், வங்கி. இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். உலகச் சந்தையில் விலை சரிந்தது என்கிற செய்தி அவசரம்தான். ஆனால் வயல்வரப்பில் நின்றுகொண்டு அதை வைத்து நான் என்ன செய்வேன்? நெஞ்சுதான் படபடக்கும்.

அனுப்புவதற்கு என்ன வழி என்று பார்த்தேன். வெளிநாட்டு எஸ்எம்எஸ் சேவைகளுக்குக் கார்டு வேண்டும், என்னிடம் இல்லை. அண்ணன் மகன் சொன்ன வழி எளிது. திரை விரிசல் விட்ட பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் ஒன்றில் ஒரு சிம்மைப் போட்டு, வைஃபையில் இணைத்து, சார்ஜரில் சொருகி அலமாரியில் வைத்துவிடுவது. அது மெயிலை இணையத்தில் எடுத்து, சிம் வழியாக எனக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். கணினியும் யூஎஸ்பி மோடமும் வைத்துச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் வெயில் காலத்து ரங்கூன் கரண்டுக்குக் கணினி தாங்காது, ஃபோனுக்குள் பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் வைஃபை ரவுட்டர் அணைந்துவிடும், அதனால் அதை இன்வெர்ட்டர் லைனில் மாற்றிப் போட்டோம்.

ஃபோனில் நிரல் ஓட்டுவதற்கு டெர்மக்ஸ் என்கிற செயலியும், அதற்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி தருகிற டெர்மக்ஸ் ஏபிஐ செயலியும் வேண்டும். இரண்டையும் எஃப்-டிராய்டு என்கிற செயலிக் கிடங்கிலிருந்தே எடுங்கள். ஒன்றை ஓரிடத்திலும் இன்னொன்றை வேறிடத்திலும் எடுத்தால் இரண்டாவதை ஆண்ட்ராய்டு நிறுவ விடாது. டெர்மக்ஸுக்குள் பைத்தானையும் `termux-api` தொகுப்பையும் நிறுவ வேண்டும். ஏபிஐ செயலிக்கு எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்து, இரண்டு செயலிக்கும் பேட்டரி சிக்கனத்தை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் திரை அணைந்த சிறிது நேரத்தில் ஆண்ட்ராய்டு அவற்றைத் தூங்க வைத்துவிடும். ஜிமெயிலில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, செயலிக் கடவுச்சொல் ஒன்று தனியாக எடுத்தேன். உண்மையான கடவுச்சொல்லை அந்த ஃபோனில் எழுதி வைக்கவில்லை, ஃபோன் களவு போனாலும் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்துவிடலாம். பிறகு `SMS` என்று ஒரு லேபிள் உண்டாக்கி, வெளி நிரல்கள் மெயிலை எடுக்கிற வழியான ஐமேப்பில் அது தெரியும்படி குறியிட்டு, அந்த ஒன்பது மெயிலுக்கும் பொருந்துகிற மாதிரி வடிகட்டி எழுதினேன்:

```
from:(docs@example.com OR buyer@example.com OR bank@example.com) subject:(draft OR amend OR amendment OR cutoff)
```

இதிலும் ஒரு அடி வாங்கினேன். ஜிமெயில் சொல்லை முழுச் சொல்லாகத்தான் பார்க்கும், நடுவில் இருக்கிற துண்டைப் பிடிக்காது. ஏஜென்டின் மெயில் சிலதில் தலைப்பு `DRAFTBL` என்று ஒட்டி வந்தது, அது வடிகட்டியைத் தாண்டிப் போய்விட்டது. நல்லவேளை நான் ஊரில் இருந்தேன். அதற்குப் பிறகு தலைப்பை நம்புவதை விட்டுவிட்டு, ஆவணப் பிரிவின் முகவரியிலிருந்து எது வந்தாலும் சரி என்று வைத்தேன். அந்த முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுதான் வரும். வேண்டாத ஒன்று வருவது பரவாயில்லை, வேண்டியது வராமல் போவதுதான் 780 டாலர்.

மெயிலின் தொடக்கத்தை அப்படியே வெட்டி அனுப்பினால் என்ன வரும் தெரியுமா? முதல் சோதனையில் என் பட்டன் ஃபோனில் வந்தது இதுதான்:

```
Dear Sir, Good day. Hope this mail finds you well. Please find attached draft BL for your kind perusal and
```

முழுக்க மரியாதை. கெடு அதற்கடுத்த வரியில் இருந்தது. ஆகவே நிரலில் ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். வணக்கம் சொல்கிற வரிகளைத் தள்ளு, `by`, `before`, `hrs`, `cut` இவற்றில் ஒன்றும் ஒரு எண்ணும் சேர்ந்து இருக்கிற வரியை எடு, அதற்கு முன்னால் யார் அனுப்பியது என்று இரண்டெழுத்தும் மெயில் வந்த நேரமும் போடு. அப்படி வரியே கிடைக்காவிட்டால் தலைப்பை மட்டும் அனுப்பு. நேரத்தைப் போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எஸ்எம்எஸ் தாமதமாக வரும், அதில் காட்டுகிற நேரம் மெயில் வந்த நேரம் ஆகாது. அப்புறம் சென்னை நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். சென்னைக்காரர் 5 மணி என்று எழுதினால் இங்கே 6 மணி.

எழுத்துக் கணக்கும் விளையாடியது. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து போகும். ஆனால் அந்த அடிப்படை எழுத்துத் தொகுதியில் இல்லாத ஒரே ஒரு குறி உள்ளே நுழைந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி, அளவு 70 ஆகிவிடும். மெயில்களில் வருகிற வளைந்த மேற்கோள் குறியும் நீளக் கோடும் அப்படிப்பட்டவை. 150 எழுத்துச் செய்தி மூன்று துண்டாகப் போய், மூன்று எஸ்எம்எஸ் காசு எடுத்து, நடுத் துண்டு மட்டும் வராமல், பட்டன் ஃபோனில் தலையும் வாலும் தெரிந்த நாள் ஒன்று இருந்தது. அனுப்பும் முன் ஆஸ்கி என்கிற வெறும் ஆங்கில எழுத்துத் தொகுதியில் இல்லாததை எல்லாம் உதிர்த்துவிட்டு, 150இல் வெட்டுகிறோம். தமிழில் அனுப்பலாமா என்று அண்ணன் மகன் கேட்டான். 'கி' ஒன்றே கணக்கில் இரண்டு, 70இல் என்ன எழுதுவது? என் ஃபோனோ தமிழைக் கட்டம் கட்டமாகத்தான் காட்டும்.

மார்ச் கடைசியில் மொகல் தெருவில் இருக்கிற என் கடையில் ஃபோனை வைத்துவிட்டு மறுபடி ஞாங்லேபின் போனேன். முதல் நாள் நான்கு செய்தி, எல்லாம் சரி. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தோஷம், தொந்தரவு இல்லாத நாள் என்று டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு சமோசா கூடுதலாகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாளும் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் மூன்று மெயில் காத்திருந்தது. ஒன்றில் கப்பலில் ஏற்றும் கெடு ஒரு நாள் முன்னால் வந்திருந்தது, சரக்கு அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போனது, 120 டாலர் என் கணக்கில். அந்த ஃபோன் உயிரோடுதான் இருந்தது. அந்த நாட்களில் இரவு 1 மணிக்கு இணையத்தை நிறுத்திவிட்டுக் காலையில்தான் விடுவார்கள். சரியாக அந்த நொடியில் நிரல் ஜிமெயிலோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறது. எதிர்முனை அறுந்துபோனது தெரியாமல், பதில் வரும் வரும் என்று இரண்டு நாளாகக் காத்துக்கொண்டே நின்றுவிட்டது. சேர்க்க வேண்டியிருந்தது `timeout=60` என்ற ஒரே சொல். இப்போது ஓடுகிற நிரலின் மையப் பகுதி இது, மேலே சொன்ன வெட்டும் வேலையை `shorten` செய்கிறது:

```
m = imaplib.IMAP4_SSL("imap.gmail.com", timeout=60)
m.login(USER, APP_PASSWORD)
m.select("SMS")
for n in m.uid("search", None, "ALL")[1][0].split():
    raw = m.uid("fetch", n, "(BODY.PEEK[])")[1][0][1]
    text = shorten(email.message_from_bytes(raw))
    subprocess.run(["termux-sms-send", "-n", PHONE, text],
                   check=True, timeout=60)
    m.uid("store", n, "+FLAGS", "(\\Deleted)")
m.expunge()
```

நிரலைத் தொடர்ந்து ஓட விடாமல், ஒரு தடவை ஓடி முடித்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் புதிதாகத் தொடங்கும்படி வெளியிலிருந்து கூப்பிடுகிறோம். இணையம் இல்லாமல் ஒரு தடவை விழுந்தாலும் அடுத்த தடவை எழுந்துவிடும்.

```
termux-wake-lock
while true; do python sms.py; sleep 300; done
```

முதலில் இதில் `ALL` இருக்கிற இடத்தில் `UNSEEN` என்று, அதாவது படிக்காத மெயில் மட்டும் என்று எழுதியிருந்தோம். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் போல. கடையில் பையன் கணினியில் மெயிலைத் திறந்து பார்த்தால் அது 'படித்தது' ஆகிவிடும், எனக்கு எஸ்எம்எஸ் வராது. இரண்டு பேர் பார்க்கிற பெட்டியில் படித்தது, படிக்காதது என்பதற்கு அர்த்தமே இல்லை. அதனால் லேபிளையே வரிசையாக வைத்துக்கொண்டோம். லேபிளில் இருந்தால் இன்னும் அனுப்பவில்லை, அனுப்பியதும் நீக்கு. லேபிள் கோப்புறைக்குள் நீக்கினால் லேபிள்தான் உதிர்கிறது, மெயில் இன்பாக்ஸில் அப்படியே இருக்கும். உங்கள் கணக்கிலும் அப்படித்தான் நடக்கிறதா என்று ஒரு சோதனை மெயிலில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆனால் எந்தத் திருத்தத்தையும் விட எனக்கு நிம்மதி தந்தது, காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் வருகிற ஒரு வெற்றுச் செய்தி. `OK 2 B84` என்று வரும். போன செய்திக்குப் பிறகு இரண்டு மெயில் அனுப்பினேன், என் பேட்டரி 84 என்று பொருள். அது வந்தால் அலமாரி ஃபோன் உயிரோடு இருக்கிறது. அதில் இரண்டு என்று இருந்து என் கையில் ஒன்றுதான் வந்திருந்தால் ஒன்று வழியில் தொலைந்திருக்கிறது, ஏனென்றால் நிரல் அனுப்பிவிட்டேன் என்று நினைப்பதும் செய்தி வந்து சேர்வதும் வேறு வேறு. அந்தச் செய்தியே வராவிட்டால் அண்ணிக்கு ஃபோன். பாதி நேரம் சிம்மில் பில் தீர்ந்திருக்கும் (இங்கே ரீசார்ஜை பில் போடுவது என்றுதான் சொல்வோம்). ஒரு தடவை கோளாறு என் பக்கத்திலேயே. பட்டன் ஃபோனில் செய்திப் பெட்டி நிறைந்து, உறைப் படம் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. பழையதை அழித்ததும் ஐந்து செய்தி ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. கிளம்பும் முன் பெட்டியைக் காலி செய்வது இப்போது சாவியை எடுப்பது மாதிரிப் பழகிவிட்டது.

ஏப்ரல் 2ஆம் தேதி வயர்லெஸ் இணையத்தையும் நிறுத்தினார்கள். கடையில் இருந்தது சிம் போட்ட ரவுட்டர், அது செத்தது. அலமாரி ஃபோன் அன்றே அண்ணி வீட்டு ஃபைபருக்குக் குடிபோனது. அது நல்லதாகவே முடிந்தது. எஸ்எம்எஸ் எழுப்பிவிடும், ஆனால் இணைப்பாக வருகிற பிடிஎஃப்பை அது கொண்டுவராதே. படிக்க ஃபைபர் இருக்கிற இடத்தில் ஒரு ஆள் வேண்டும்.

8ஆம் தேதி காலை ஒரு களத்தில் உளுந்தைக் கையில் அள்ளி ஈரம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அதிர்ந்தது.

```
AG 10:42 Kindly confirm by 1200 hrs 09-Apr, failing which BL will be released as per draft
```

அண்ணியைக் கூப்பிட்டேன். பிடிஎஃப் திறக்க இரண்டு நிமிடம். நாங்கள் படிப்பது நான்கே விஷயம்: வாங்குகிறவர் பெயர், இறக்குமதி எண், கண்டெய்னர் எண், சீல் எண். சரியானவற்றை நான் கிளம்பும் முன்பே நோட்டில் எழுதி வைத்திருப்பேன். ஃபோனில் ஆங்கில எழுத்துகளைச் சொன்னால் பி, டி, வி எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கும், அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர் வைத்திருக்கிறோம். பம்பாய் பி, டெல்லி டி. ஒவ்வொரு இடத்துக்கும் அது எழுத்தா எண்ணா என்பதையும் சொல்ல வேண்டும். இறக்குமதி எண் பத்து இடம், முதல் ஐந்தும் கடைசி ஒன்றும் எழுத்து, நடு நான்கும் எண். நடுவில் எழுத்து வந்தால் அங்கேயே தப்பு. பெயர் சரி, இறக்குமதி எண் சரி. இரண்டாவது கண்டெய்னரின் சீல் எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. 11:05க்கு ஏஜென்டின் மேசைக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். எழுத்தில் வேண்டும் என்றார்கள், நான் சொல்லச் சொல்ல அண்ணி என் மெயிலிலிருந்து மூன்று வரி அடித்து அனுப்பினார். மதியம் `AG 13:20` என்று திருத்திய வரைவு வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை மட்டும். எஸ்எம்எஸ் பூட்டில்லாத தபால் அட்டை மாதிரி. வங்கியிலிருந்து வருகிற ஓடிபி, கணக்கு எண், பேரம் பேசுகிற விலை எதுவும் அந்த லேபிளில் விழாதபடி வடிகட்டியில் தனியாக விலக்கியிருக்கிறேன். வங்கி மெயிலுக்கு எனக்கு வருவது `BK` என்ற இரண்டெழுத்தும் நேரமும்தான். அதைப் பார்த்ததும் அண்ணிக்குக் கூப்பிடுவேன்.

டேட்டா பிறகு திரும்பி வந்தது. கிராமத்தில் அது இருக்கும் என்று நம்பி நான் கிளம்புவதில்லை, அலமாரி ஃபோன் இன்னும் அங்கேயே இருக்கிறது. எந்நேரமும் சார்ஜரில் கிடந்து போன வருடம் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டது. அண்ணிதான் பார்த்துவிட்டுக் கழற்றி வெளியே வைத்தார். புது பேட்டரி போட்டபின் சார்ஜருக்கு ஒரு டைமர் பிளக் வாங்கி மாட்டினோம், காலையில் இரண்டு மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம். நேற்று மாலை 4 மணிக்கு வந்தது `OK 0 B71`.